கேப்ஷனும் ஒலி விவரிப்பும்: முடிந்த வீடியோவுக்கு எந்த வழி பொருந்தும்?

படம் எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்த பிறகுதான் பெரும்பாலானோருக்கு இந்தக் கேள்வி வருகிறது. காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் பார்க்கும்படி செய்ய வேண்டும், சரி. ஆனால் கேப்ஷனைப் படத்தின் மேலேயே பதிப்பதா, தனிக் கோப்பாகக் கொடுப்பதா? திரையில் தெரிவதைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பை வசனங்களுக்கு இடையில் நுழைப்பதா, படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்வதா, பின்னணிக் குரலிலேயே கலந்துவிடுவதா? கையில் இருக்கும் பணமும் நாளும் குறைவு என்பதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று பலர் தயங்கி நிற்கிறார்கள்.

பொதுவாகப் பேசினால் விடை கிடைக்காது. அதனால் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயிலுக்குச் சுடுமண் குதிரை செய்யும் ஒரு வேளார் குடும்பத்தைப் பற்றிய 12 நிமிட ஆவணப்படம். பெண் குரலில் கொஞ்சம் பின்னணிப் பேச்சு, மீதி எல்லாம் பெரியவர் ஒருவரின் நேர்காணல். முதலில் யூடியூபில் போகும், பிறகு துண்டுகளாக வாட்ஸப்பில் சுற்றும், ஒரு பள்ளியில் திரையிடுவார்கள்.

## முதலில் நான்கு கேள்விகள்

எங்கே பார்ப்பார்கள்? யூடியூப் தனி கேப்ஷன் கோப்பை ஏற்கும். வாட்ஸப்பில் அனுப்பும் வீடியோவோடு அந்தக் கோப்பு போகாது. திரையரங்கிலும் பள்ளி அரங்கிலும் யார் இயக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வசனம் இல்லாத இடைவெளி எவ்வளவு? ஒலி விவரிப்பின் விதியை இதுதான் தீர்மானிக்கிறது. படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, யாரும் பேசாத இடங்களை எல்லாம் தொடக்க நேரம், முடிவு நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டரை விநாடிக்குக் குறைந்தவை பயன்படா.

வெட்டு இறுதியாகிவிட்டதா? கேப்ஷன் எழுதிய பிறகு நடுவில் மூன்று விநாடி வெட்டினால், அதற்குப் பின்னுள்ள அத்தனை வரியும் மூன்று விநாடி தள்ளிப்போகும். ஒலி விவரிப்பில் இன்னும் மோசம். அங்கே நகர்த்தினாலும் போதாது, வாக்கியமே இடத்தில் பொருந்தாமல் போகலாம்.

இதைச் செய்யச் சொல்வது யார்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, கேப்ஷன் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1இன் ‘ஏஏ’ நிலையை நிதி தருபவர் கேட்டால், முன்பே பதிவான வீடியோவுக்குக் கேப்ஷனும் ஒலி விவரிப்பும் இரண்டுமே வேண்டும். எழுத்துவடிவப் பிரதி மட்டும் கொடுத்து ஒலி விவரிப்பை விட்டுவிடும் வழி, அதற்குக் கீழுள்ள ‘ஏ’ நிலைக்குத்தான் போதும்.

## கேப்ஷன்: பதிப்பதா, தனிக் கோப்பா?

இரண்டு வழிக்கும் எழுத்து வேலை ஒன்றுதான். எனவே கோப்பை முதலில் செய்துவிட வேண்டும். பதிப்பது என்பது அதிலிருந்து எடுக்கும் ஒரு பிரதி. இந்த வரிசையை மாற்றி, எடிட்டிங் மென்பொருளில் தலைப்பு அட்டைகளாகவே வரி வரியாகத் தட்டச்சு செய்தவர்கள், ஒரு எழுத்துப்பிழைக்காக முழுப் படத்தையும் மறுபடி ஏற்றுமதி செய்ய நேரிடும்.

கோப்பு என்பது வெறும் எழுத்துதான்:

```
41
00:07:18,200 --> 00:07:19,600
[தட்டுகிறார்: மந்தமான ‘டப்’ ஓசை]

42
00:07:19,900 --> 00:07:22,100
பெரியவர்: இது போச்சுய்யா.
சாமிக்கு ஆகாது.
```

இதை `.srt` என்ற முடிவோடும் `UTF-8` குறியாக்கத்திலும் சேமிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த உரையை அப்படியே ஒட்டினால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும் பார்ப்பவரின் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கை வையுங்கள்.

41ஆம் வரியைக் கவனியுங்கள். மொழிபெயர்ப்பு சப்டைட்டிலில் இப்படியொரு வரி இருக்காது. ஆனால் சுட்ட மண்ணைத் தட்டிக் கேட்டுத்தான் அது தேறியதா என்று பெரியவர் முடிவு செய்கிறார். நான்காம் நிமிடத்தில் நல்ல குதிரையைத் தட்டும்போது ‘கணீர்’ என்று ஒலிக்கிறது, ஏழாம் நிமிடத்தில் விரிசல் விட்டது ‘டப்’ என்கிறது. இரண்டு இடத்திலும் [தட்டும் ஓசை] என்று மட்டும் போட்டால், ‘இது போச்சு’ என்று அவர் ஏன் சொல்கிறார் என்பது காது கேளாதவருக்குப் புரியவே புரியாது. எல்லா ஓசையையும் எழுதத் தேவையில்லை. காக்கை கரைவதை விடலாம், கதையை நகர்த்தும் ஓசையை விடக் கூடாது. அந்த ஓசை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதா என்ற கேள்வி எப்போதும் வரும். ஆக்கக் கூடாது என்பது எங்கள் திடமான கருத்து. உதட்டசைவைப் பார்த்துப் படிப்பவருக்கு வாயும் வரியும் பொருந்தாமல் போகும். பேச்சு வழக்கு பெரும்பாலும் சுருக்கமானது என்பதால் வரி நீளமும் அடங்கும். வாசிக்கச் சிரமம் தரும் அளவுக்கு ஒலியைத் துரத்தி எழுதாமல், நாவல்களில் உரையாடல் அச்சாகும் விதத்தில் எழுதினால் போதும்.

வேகக் கணக்கில் ஒரு தொல்லை இருக்கிறது. கேப்ஷன் மென்பொருள்கள் விநாடிக்கு இத்தனை எழுத்து என்ற வரம்பைத் தாண்டினால் வரியைச் சிவப்பாக்கும். அவை தமிழ் எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறிகளை எண்ணுகின்றன. ‘கொடுத்தாங்க’ நமக்கு ஆறு எழுத்து, மென்பொருளுக்கு பதினொன்று. ஆங்கிலத்துக்கு வைத்த 17 என்ற வரம்பை அப்படியே விட்டால், நிதானமாகப் பேசும் வரிகள்கூடச் சிவக்கும். அதற்காகப் பயந்து வசனத்தைச் சுருக்கிவிடாதீர்கள். விநாடிக்கு 10 முதல் 12 தமிழ் எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, எந்த வரியும் ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஏழு விநாடிக்கு மேற்படாமலும் நிற்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

குரலை எழுத்தாக்கும் தானியங்கி வரைவை எடுத்துத் திருத்தலாமா? நகரத்துத் தமிழில் தெளிவாகப் பேசும் பின்னணிக் குரலுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். பெரியவரின் பேச்சுக்குப் பயன்படாது. வட்டார உச்சரிப்பும் ‘வேளார்’, ‘சூளை’, ‘பதம்’ போன்ற தொழிற்சொற்களும் வேறு சொற்களாக மாறி, படிக்க ஒழுங்காக இருப்பதாலேயே கண்ணிலிருந்து தப்பும். பிழை பார்க்கிறவர் ஒலியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்குள், தட்டச்சு பழகிய ஒருவர் புதிதாகவே எழுதிவிடுவார். 12 நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும்.

தனிக் கோப்பு எப்போது சரி: யூடியூபும் சொந்த இணையதளமும் முதன்மையான இடமாக இருந்தால். பார்ப்பவர் எழுத்தின் அளவையும் பின்புல நிறத்தையும் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பிழையை ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். மறைந்திருக்கும் செலவு ஒன்று: நேர்காணல் தருபவரின் பெயர்ப்பட்டை திரையின் கீழே இருந்தால் கேப்ஷன் அதன் மேல் ஏறி உட்காரும். கேப்ஷனை நகர்த்துவதைவிட, எடிட்டிங்கில் பெயர்ப்பட்டையைச் சற்று மேலே தூக்கிவிடுவதே நிலையான தீர்வு.

பதிப்பது எப்போது சரி: வாட்ஸப் துண்டுகளுக்கும், இயக்குபவர் யாரென்றே தெரியாத திரையிடலுக்கும். கோப்பு தயாராக இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
ffmpeg -i kuthirai.mp4 -vf subtitles=kuthirai.srt -c:a copy kuthirai_cc.mp4
```

இங்கே மறைந்திருக்கும் செலவு தமிழுக்கே உரியது. எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ‘ெ’, ‘ே’ ஆகிய கொம்புகள் மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் விழும், ‘கொ’ உடைந்து தெரியும். முழுப் படத்தையும் ஏற்றுமதி செய்வதற்கு முன் ‘கொடுத்தேன், பௌர்ணமி, ஸ்ரீ’ என்று மூன்று சொல்லைப் பதித்துப் பாருங்கள். நெட்டைத் திரைத் துண்டுகளில் கீழ்ப்பகுதியைச் செயலியின் பொத்தான்கள் மறைக்கும் என்பதால், வரியை அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏற்றி, கருப்புப் பட்டைமேல் வெள்ளை எழுத்தாக வையுங்கள்.

எந்த வழியானாலும் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் அரை விநாடி தாமதம், முடிவிலும் அதே அரை விநாடி என்றால் மொத்தத்தையும் நகர்த்தினால் சரியாகிவிடும். தொடக்கத்தில் பொருந்தி, முடிவில் முக்கால் விநாடி விலகியிருந்தால் பிரேம் வேகம் மாறியிருக்கிறது. 24க்கும் 23.976க்கும் உள்ள வேறுபாடு 12 நிமிடத்தில் ஏறக்குறைய 0.7 விநாடியைத் தரும். அதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, பிரேம் வேகத்தை மாற்றும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

## ஒலி விவரிப்பு: நான்கு வழிகள்

| | படத்துக்குத் தேவையானது | இரண்டாம் பிரதி வேண்டுமா? | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| பின்னணிக் குரலிலேயே கலப்பது | குரல் பதிவு இன்னும் முடியாமல் இருக்க வேண்டும் | வேண்டாம் | எழுத்தாளரும் இயக்குநரும் மறுபடி உட்கார வேண்டும் |
| இடைவெளியில் சொல்வது | போதிய இடைவெளி | வேண்டும் | ஒவ்வொரு மறுவெட்டுக்கும் மறுபதிவு |
| படத்தை நிறுத்திச் சொல்வது | இடைவெளி தேவையில்லை | வேண்டும் | நீளம் கூடும், அந்தப் பிரதிக்குக் கேப்ஷன் நேரமும் மாறும் |
| விவரிப்போடு கூடிய எழுத்துப் பிரதி | எதுவும் வேண்டாம் | வேண்டாம் | படம் பார்க்கும் அனுபவம் கிடைக்காது |

### பின்னணிக் குரலிலேயே கலப்பது

குரல் பதிவு முடியாத படத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ‘இவர்தான் இந்த ஊரின் கடைசிக் குதிரைக் கலைஞர்’ என்ற வரியை, ‘சூளை வாசலில் குந்தியிருக்கும் இவர்தான் இந்த ஊரின் கடைசிக் குதிரைக் கலைஞர்’ என்று மாற்றினால் கண்ணுள்ளவருக்குக் குறுக்கீடில்லை, கண்ணில்லாதவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பிரதி ஒன்று, சுட்டி ஒன்று, பார்வையாளரும் பிரிவதில்லை.

இன்னும் படப்பிடிப்பே முடியவில்லை என்றால் ஒரு படி முன்னே போகலாம். கைவேலையைக் காட்டும்போது எல்லாரும் ‘இதை எடுத்து, இப்படிப் போட்டு, அப்படி அழுத்தணும்’ என்றுதான் சொல்வார்கள். பேட்டி எடுப்பவர் அங்கேயே, ‘ஐயா, எதை எடுத்தீங்க? எங்கே அழுத்துறீங்க?’ என்று கேட்டுவிட்டால், ‘வைக்கோல் கலந்த மண்ணை எடுத்து, கால் பாகத்தோட மூட்டுல அழுத்தணும்’ என்று அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு கேள்வி பின்னால் எழுத வேண்டிய விவரிப்பில் பெரும்பகுதியைக் குறைக்கும்.

நேர்காணல் மட்டுமே உள்ள படத்துக்கும், எல்லாம் முடிந்த படத்துக்கும் இந்த வழி இல்லை.

### இடைவெளியில் சொல்வது

முடிந்த படங்களுக்கு வழக்கமான வழி இதுதான். நம் படத்தில் கண்ணை மூடிக் கேட்டபோது இரண்டரை விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிகள் 14, மொத்தம் 80 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 12 நிமிடத்துக்கு அது குறைவுதான், ஆனாலும் போதும்.

ஏழாம் நிமிட இடத்தையே எடுத்துக்கொள்வோம். சூளை பிரித்து ஒரு குதிரையை வெளியே எடுக்கிறார். நான்கு விநாடி பேச்சில்லை. அடுத்து அந்த ‘டப்’ ஓசை. பிறகு ‘இது போச்சுய்யா.’ விவரிப்பு எழுதப் பழகாதவரின் முதல் வரைவு இப்படி இருக்கும்:

*நீல நிறச் சட்டை அணிந்த முதியவர் சூளையிலிருந்து மெதுவாக வெளியே எடுக்கும் சுடுமண் குதிரையின் கழுத்துப் பகுதியில் நீளமான விரிசல் ஒன்று தெரிகிறது.*

பதினேழு சொல். வாசித்துப் பார்த்தால் எட்டு, ஒன்பது விநாடி. நமக்கு நான்கு விநாடிதான், அதிலும் முன்னும் பின்னும் அரை விநாடி மூச்சு விட்டால் மூன்று. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் விநாடிக்கு இரண்டு சொல் என்பதே நிதானமான கணக்கு. ஆறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும்:

*சூளையிலிருந்து எடுத்த குதிரையின் கழுத்தில் விரிசல்.*

சட்டை நிறம் போய்விட்டது, அதனால் இந்த இடத்தில் எதுவும் கெடவில்லை. பெரியவர் யார் என்பது குரலிலேயே தெரிகிறது. விரிசல் மட்டும் எந்த ஒலியிலும் இல்லை, அதைச் சொல்லாவிட்டால் அடுத்த வசனம் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் கேட்க வேண்டியது இதைத்தான்: வரப்போகும் பேச்சைப் புரிந்துகொள்ள, காதால் கிடைக்காத எது தேவை?

அதே இடத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு, விவரிப்பை நீட்டித் தட்டும் ஓசையின் மேல் ஏற்றுவது. பார்வையற்றவர் அந்த ‘டப்’பைக் கேட்டே குதிரை பழுதென்று புரிந்துகொள்ளக் கூடியவர். அந்த இன்பத்தை நாம் பறித்துவிடக் கூடாது. குதிரை ‘பழுதாகிவிட்டது’ என்று முந்திக்கொண்டு சொல்வதும் அதே தவறுதான். விரிசலைச் சொல்லுங்கள், முடிவை அவர் சொல்லட்டும். ‘வருத்தத்தோடு பார்க்கிறார்’ என்று எழுதாமல் ‘குதிரையைத் திருப்பி வைக்கிறார்’ என்று எழுதுவதும் இந்த வகையிலேயே சேரும்.

திரையில் வரும் எழுத்துகளையும் மறக்காமல் எண்ணுங்கள். ஊர்ப் பெயர், ஆண்டு, பேசுபவரின் பெயர்ப்பட்டை எல்லாம் வாசிக்கப்பட வேண்டும். ஒருவர் வாய் திறந்த பிறகுதான் பெயர்ப்பட்டை வருகிறது என்றால் அவர் பேசத் தொடங்கும் முன்பே பெயரைச் சொல்லிவிடலாம். சில விநாடி முந்துவதில் தவறில்லை.

குரலுக்கு வருவோம். பின்னணிக் குரல் பெண் என்றால் விவரிப்பு ஆண் குரலில் இருக்கட்டும். ஒரே மாதிரி குரல்கள் இருந்தால் எது படம், எது விவரிப்பு என்று கேட்பவர் குழம்புவார். விவரிப்பு வரும் நேரத்தில் படத்தின் ஒலியை 8 முதல் 10 டெசிபல் இறக்கி, கால் விநாடியில் மெல்ல இறங்கி மெல்ல ஏறும்படி வையுங்கள். சட்டென்று இறக்கினால் ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் விழுந்தது போலிருக்கும். கலந்து முடித்த முழு ஒலியைப் படத்தோடு சேர்க்க:

```
ffmpeg -i kuthirai.mp4 -i kalavai.wav -map 0:v -map 1:a -c:v copy -c:a aac kuthirai_ad.mp4
```

இதைத் தனி வீடியோவாகவே ஏற்றுங்கள். ஒரே கோப்பில் இரண்டு ஒலித்தடம் வைப்பது கணினியில் அழகாக வேலை செய்யும், ஆனால் பெரும்பாலான இணைய உலாவிகளில் அடுத்த தடத்துக்கு மாறும் பொத்தானே வராது. தனி வீடியோவின் செலவு, பார்வை எண்ணிக்கை இரண்டாகப் பிரிவது. தலைப்பின் தொடக்கத்திலேயே ‘ஒலி விவரிப்புடன்’ என்று போட்டு, இரண்டின் விளக்கக் குறிப்பிலும் முதல் வரியில் மற்றதன் சுட்டியைக் கொடுங்கள். திரைவாசிப்பான் முதலில் படிப்பது அதைத்தான்.

### படத்தை நிறுத்திச் சொல்வது

இடைவெளியே இல்லாத பாடம், செய்முறை விளக்கம், வரைபடம் நிறைந்த உரை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். தேவையான இடத்தில் பிரேமை உறைய வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, மறுபடி ஓட விடுவது. 12 நிமிடம் 15 நிமிடமாகலாம். கதைப்படத்திலும் நம் குதிரைப் படத்திலும் இது தாளத்தைக் கெடுக்கும். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும், எடுத்துக்காட்டாகச் சூளை அடுக்கும் முறையைப் பெரியவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே காட்டும் இடத்தில், பயன்படுத்தலாம். உறையும் நொடியில் பின்னணி ஒலி முற்றாக அறுந்தால் வீடியோ நின்றுவிட்டது என்று கேட்பவர் நினைப்பார். சூளையடியின் பேச்சில்லாத சூழலொலியை அடியில் ஓட விடுங்கள்.

### விவரிப்போடு கூடிய எழுத்துப் பிரதி

கேப்ஷன் கோப்பையும் விவரிப்பு வரிகளையும் நேர வரிசையில் கோத்தால் இது கிடைத்துவிடும், ஒரு மணி நேர வேலை. கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர் பிரெய்ல் காட்டியில் படிக்க முடிவது இதை மட்டும்தான். அதனால் மற்ற மூன்றில் எதைச் செய்தாலும் இதையும் சேர்த்துச் செய்யுங்கள். நேரக் குறியீடுகளை நீக்கிவிட்டு, பேசுபவர் பெயரையும் விவரிப்பையும் மட்டும் வைத்தால் படிக்க எளிது.

## குதிரைப் படத்துக்கு என்ன முடிவு?

வெட்டு முடிந்துவிட்டது, பின்னணிக் குரலும் பதிவாகிவிட்டது என்றால்: யூடியூபுக்கு `.srt` கோப்பு, அதிலிருந்தே வாட்ஸப்புக்கும் பள்ளிக்கும் பதித்த பிரதி, 14 இடைவெளிகளில் ஒலி விவரிப்பு, சூளை அடுக்கும் ஒரு இடத்தில் மட்டும் உறைபிரேம், கூடவே எழுத்துப் பிரதி. விவரிப்பு எழுத ஒரு நாள், பதிவுக்கும் கலவைக்கும் ஒரு நாள். உறைபிரேம் வைத்த இடத்திலிருந்து விவரிப்புப் பிரதியின் நீளம் மாறுவதால், அதற்குக் கேப்ஷனும் போட வேண்டுமென்றால் அந்த இடத்துக்குப் பிந்தைய வரிகளை மட்டும் நகர்த்த வேண்டும்.

குரல் இன்னும் பதிவாகவில்லை என்றால், இடைவெளி விவரிப்புக்கு ஒதுக்கிய நாளைப் பின்னணி உரையைத் திருத்துவதில் செலவிடுங்கள். பெயர்களையும் இடங்களையும் உரை ஏற்றுக்கொண்டுவிட்டால் 14 இடைவெளியில் ஐந்தாறுதான் மிஞ்சும்.

வெளியிடும் முன் கேப்ஷன் பிரதியைக் காது கேளாத ஒருவருக்கும் விவரிப்புப் பிரதியைப் பார்வையற்ற ஒருவருக்கும் கூலி கொடுத்துக் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் வரும். ‘அந்தக் குதிரை ஏன் வேண்டாமென்றார்?’ என்று கேளுங்கள். இருவரும் தயங்காமல் சொன்னால் அந்த இடம் தேறிவிட்டது. ஒருவர் தடுமாறினாலும் 41ஆம் வரிக்கோ ஏழாம் நிமிட வாக்கியத்துக்கோ திரும்பிப் போங்கள்.